தம்பி குடித்தது இருமல் மருந்து, சோதனையில் வந்தது மார்பின்

*பினாங்கின் பிறையில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் தம்பிக்குச் சிறுநீர்ச் சோதனையில் மார்பின் இருப்பதாக வந்திருக்கிறது. "இருமல் மருந்துதான் குடிச்சேன்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று சத்தியம் செய்கிறான். இருமல் மருந்து எப்படி மார்பின் ஆகும்? பொய் சொல்கிறானா? அப்படி என்னதான் இருக்கிறது அந்த மருந்தில், பையன்கள் ஏன் அதைத் தேடிப் போகிறார்கள்?*

உங்கள் தம்பி சொல்வது உண்மையாக இருக்க முழு வாய்ப்பும் உண்டு. அவன் குடித்த போத்தலில் கோடீன் இருந்திருந்தால், மார்பின் அவன் வாங்கியது இல்லை, அவன் ஈரலே செய்தது. ஆனால் அது உண்மை என்பதாலேயே நிம்மதியாகிவிட முடியாது. இரண்டையும் சொல்கிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு பார்மசியின் கல்லாவுக்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவள் நான். இந்தப் போத்தலைக் கேட்டு வருகிற பையன்களின் முகம் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் கோடீன் என்றால் என்ன என்று பார்ப்போம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோடீனை 1832இல் ரொபிக்கே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதே அபினிலிருந்து பிரித்தார். இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி. மார்பினின் ஒரு மூலையில் ஒரு சின்ன மீத்தைல் தொகுதியை ஒட்டினால் அது கோடீன், அவ்வளவுதான். தலையில் ஒரு தொப்பி வைத்த மார்பின் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அபினில் இயற்கையாகக் கிடைக்கும் கோடீன் கொஞ்சம்தான். அதனால் உலகத்தில் விற்கிற கோடீனில் பெரும்பங்கைத் தொழிற்சாலைகள் மார்பினிலிருந்தே செய்கின்றன. அங்கே கஷ்டப்பட்டு மாட்டிய தொப்பியை நம் ஈரல் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறது. எனக்கு இது எப்போதுமே வேடிக்கையாகத் தோன்றும்.

அந்தத் தொப்பி ஏன் முக்கியம் என்றால், வலியையும் மயக்கத்தையும் மூச்சையும் கட்டுப்படுத்தும் மூளையின் பூட்டில் கோடீன் சரியாகப் பொருந்தாது. மார்பினோடு ஒப்பிட்டால் அதன் பிடிப்பு ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான். ஆக, வலியைக் குறைப்பதும் கிறக்கம் தருவதும் பெரும்பாலும் கோடீன் இல்லை. தொப்பி கழன்ற பிறகு வருகிற மார்பின்தான்.

தொப்பியைக் கழற்றுவது ஈரலில் இருக்கிற ஒரு நொதி. அதன் பெயர் சிஒய்பி 2டி6. நான் 2டி6 என்றே சொல்கிறேன். ஒருவர் விழுங்கிய கோடீனை நூறு பங்காக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய எண்பது பங்கை ஈரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கோத்துச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். இன்னொரு பத்துப் பங்கை 3ஏ4 என்ற வேறொரு நொதி நார்கோடீன் ஆக்கும். அதற்கும் பெரிய வீரியம் கிடையாது. மிச்சம் ஐந்திலிருந்து பத்துப் பங்கு வரைதான் 2டி6 கையில் சிக்கி மார்பின் ஆகிறது. மருத்துவர்கள் கோடீனைச் சாதுவான மருந்து என்று இத்தனை காலம் நம்பியதற்குக் காரணம் இந்தக் குறுகலான வாசல். எவ்வளவு குடித்தாலும் கொஞ்சம்தானே மார்பின் ஆகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பிறகு சொல்கிறேன்.

உருவான மார்பினும் அப்படியே உட்கார்ந்திருக்காது. ஈரல் அதையும் சர்க்கரை அமிலத்தோடு கோத்து இரண்டு பொருள்களாக்கும். அவற்றில் ஒன்று வெறும் கழிவு. மற்றது, மார்பின்-6-குளுக்குரோனைடு, மார்பினைப் போலவே வேலை செய்யும் பொருள். இரண்டையும் வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இந்த இரண்டாவது பொருள் உடம்பிலேயே தேங்கும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கதையில் வரும்.

சரி, தம்பியின் சோதனைக்கு வருவோம். தொழிற்சாலையிலோ கிளினிக்கிலோ முதலில் செய்வது பட்டை போட்டுப் பார்க்கிற விரைவுச் சோதனை. அந்தப் பட்டையில் இருப்பது மார்பினின் உருவத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள். மார்பின், கோடீன், இரண்டும் கோக்கப்பட்டு வெளியே வந்த பொருள்கள் என்று எதைப் பார்த்தாலும் அது ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அண்ணனா தம்பியா என்று சொல்லத் தெரியாமல், இந்தக் குடும்பம் என்று மட்டும் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. ஆகவே பட்டையில் கோடு விழுந்ததும் "இவன் மார்பின் எடுத்திருக்கிறான்" என்று யாராவது சொன்னால், அது அவசர முடிவு.

இதற்கு அடுத்தது உறுதிப்படுத்தும் சோதனை. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்து, எடை பார்த்து, அளவு போட்டுத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் தாள். அதில் மூன்று வரிகளைப் பாருங்கள்: மார்பின் எவ்வளவு, கோடீன் எவ்வளவு, 6-அசிட்டைல்மார்பின் இருக்கிறதா.

கடைசியாகச் சொன்னதுதான் ஹெராயினின் கைநாட்டு. ஹெராயின் உடம்புக்குள் போனதும் முதலில் 6-அசிட்டைல்மார்பின் ஆகி, பிறகு மார்பின் ஆகும். கோடீனிலிருந்து அது எந்த வழியிலும் வராது. அது தாளில் இருந்தால் இருமல் மருந்துக் கதை போதாது. இல்லை என்றால் மட்டும் ஹெராயின் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது, ஏனென்றால் அது சில மணி நேரத்திலேயே மறைந்துவிடும். அப்போது மற்ற இரண்டு எண்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட வேண்டும். கோடீன் குடித்தவரின் சிறுநீரில் முதல் நாள் கோடீன் அதிகமாகவும் மார்பின் குறைவாகவும் இருக்கும். ஹெராயின் எடுத்தவரிடம் தலைகீழ்: மார்பின் எக்கச்சக்கமாக, கோடீன் ஒரு துளி.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடீன் குடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டால், கோடீன் முதலில் வடிந்து, மார்பின் அதைவிட அதிகமாகத் தெரியலாம். சிலருக்கு இன்னும் நேரம் போனால் மார்பின் மட்டுமே மிஞ்சும். அதனால் தம்பி கடைசியாக எந்த நாள் எந்த நேரம் குடித்தான், எந்த நேரத்தில் சிறுநீர் எடுத்தார்கள் என்ற இரண்டும் தெரியாமல் அந்த எண்களை யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. அவனிடம் சண்டை போடுவதற்கு முன் இதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவிலும் கொஞ்சம் மார்பினும் கோடீனும் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் வேலையிடச் சோதனையில் இந்தக் கசகசாக் குழப்பத்தால்தான் 1998இல் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2000ஆக உயர்த்தினார்கள். ஆனால் தம்பி தானே இருமல் மருந்து குடித்ததாகச் சொல்லும்போது குருமாவைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

இப்போது அந்தக் குறுகலான வாசல் எங்கே உடைகிறது என்று பார்ப்போம். 2டி6 நொதியைச் செய்யும் மரபணு எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு அது வேலையே செய்யாது. அவர்கள் கோடீன் குடித்தால் மார்பின் அநேகமாக உருவாகாது, வலியும் குறையாது. ஐரோப்பியர்களில் ஐந்திலிருந்து பத்து விழுக்காட்டினர் இப்படி. சீனர்களிடம் வேறு கதை: வேகம் குறைந்த ஒரு வகை மரபணு அவர்களிடம் மிகப் பரவலாக, ஏறக்குறைய பாதிப் பிரதிகளில், இருக்கிறது. அவர்களுக்கு வாசல் மூடியிருக்காது, ஒருக்களித்திருக்கும். அப்புறம் இன்னொரு கூட்டம். இவர்களுக்கு அதே மரபணு இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று, அதற்கும் மேல் இருக்கும். நொதி அதிகம், வாசல் அகலம். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இவர்கள் அதிகம், மற்ற இடங்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் யார் எந்த வகை என்று தெரியாது. அவர்களுக்கே தெரியாது.

இதற்கு நான் பயிற்சி மாணவர்களிடம் எப்போதும் சொல்கிற ஒரு நிகழ்வு உண்டு. ஜெனிவாவில் நடந்தது, 2004இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. கவனியுங்கள், இது போதைக்காகக் குடித்தவரின் கதை இல்லை. 62 வயதுக்காரர், ரத்தப் புற்றுநோய் உள்ளவர், இரண்டு நுரையீரலிலும் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல், இருமல். கிருமிக்கும் பூஞ்சைக்கும் மருந்து கொடுத்தார்கள். இருமலுக்குக் கோடீன் 25 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. எந்த மருத்துவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய அளவு அது.

நான்காம் நாள், கடைசி வேளை குடித்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மனிதர் நினைவிழந்தார். கூப்பிட்டாலும் பதில் இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சு போதவில்லை என்று அர்த்தம். தீவிர சிகிச்சைக்கு மாற்றி, அபின் வகை மருந்தை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் ஆள் விழித்துக்கொண்டார். இரண்டு நாளில் முழுவதும் தேறிவிட்டார்.

அவருடைய ரத்தத்தைச் சோதித்தபோது, அந்த அளவு கோடீனுக்கு லிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய மார்பின் 80 இருந்தது. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. ஒன்று, அவருக்கு 2டி6 மரபணு மூன்று பிரதியோ அதற்கும் மேலோ இருந்தது, அதாவது வாசல் அகலம். இரண்டு, அவருக்குக் கொடுத்த கிருமி மருந்தும் பூஞ்சை மருந்தும் அந்த 3ஏ4 நொதியை அடைத்துவிட்டன. பக்கத்து வழி அடைபட்டால் கூட்டம் எங்கே போகும்? இன்னும் அதிகக் கோடீன் 2டி6 வாசலுக்கே வந்தது. மூன்று, அதே சமயம் சிறுநீரகம் பழுதாகி, வீரியமுள்ள அந்த மார்பின்-6-குளுக்குரோனைடு வெளியேறாமல் தேங்கியது. மூன்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை வெறும் தூக்கக் கலக்கத்தோடு போயிருக்கும்.

இந்த மாதிரி அகல வாசல் குழந்தைக்கு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொண்டைச் சதை அறுவைக்குப் பிறகு வலிக்குக் கோடீன் கொடுத்த குழந்தைகள் சிலர் மூச்சு நின்று இறந்த பிறகுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் கடும் எச்சரிக்கை போட்டது. 2017இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் கோடீனே கூடாது என்றது. ஐரோப்பாவும் 2015இல் இருமலுக்கு அதே வயது வரம்பைப் போட்டது. தம்பி வாங்கி வந்த போத்தலிலிருந்து "இதுவும் இருமல் மருந்துதானே" என்று வீட்டில் யாராவது சின்னப் பிள்ளைக்கு ஒரு கரண்டி ஊற்றியிருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். பால் கொடுக்கிற தாயும் குடிக்கக் கூடாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பையன்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்? இருமலுக்காக இல்லை என்பது நிச்சயம். உண்மையில் சாதாரணச் சளி இருமலுக்குக் கோடீன் வெறும் சர்க்கரைப் பாகைவிடப் பெரிதாக உதவுகிறது என்று காட்டுவதற்கு உறுதியான சான்று கிடையாது. இதை ஒரு பார்மசிக்காரி சொல்வது விசித்திரமாக இருக்கலாம்.

தேடிப் போவதற்கு வெளிப்படையான காரணங்கள் உண்டு. சாராயம் மாதிரி வாயில் வாடை வராது. அம்மா பையைக் குடைந்தால் அகப்படுவது மருந்துப் போத்தல், அதுவும் லேபிள் ஒட்டியது. குடித்தவனுக்கே தான் போதை எடுக்கிறோம் என்ற எண்ணம் வருவதில்லை. "மருந்துதானேக்கா" என்பான். ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பையனுக்கு உடம்பு வலி போய், மனதுக்குள் ஒரு கதகதப்பு வந்து, சலிப்பில்லாமல் பொழுது ஓடும். மார்பின் மூளையில் செய்கிற வேலை அது. ஊசியாகப் போட்டால் சட்டென்று ஏறுவது, இங்கே ஈரல் வாசல் வழியாக மெதுவாக ஏறுகிறது. அந்த மெதுவே அவனை ஏமாற்றுகிறது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியத்தை அது கொடுத்துவிடுகிறது.

ஆனால் விடாமல் குடிப்பதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. அதை நான் என் தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பையன் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் வருவான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும், தொழிற்சாலைச் சட்டை. மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், தும்முவான். "அக்கா, சளி விடவே மாட்டேங்குது. போன வாரம் கொடுத்தீங்களே, அதே மருந்து." பார்த்தால் பாவமாக இருக்கும். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். அவன் நடிக்கவில்லை. சளி மாதிரி இருந்தது நிஜம்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, காசு கொடுக்கக் கையை நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியது. வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது, கடையில் குளிர்சாதனம்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஆனால் அவன் முழங்கை வரை மயிர்க்கூச்சம் எடுத்து நின்றது, உரித்த கோழித் தோல் மாதிரி. அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கண்மணி இரண்டும் அகலமாக விரிந்திருந்தது.

அது சளி இல்லை. மார்பின் தீர்ந்துபோன உடம்பின் தவிப்பு. மார்பினுக்குப் பழகிய உடம்பில் அது இறங்கும்போது மூக்கு ஒழுகும், கண் கசியும், தும்மல், கொட்டாவி, உடம்பு முறிகிற மாதிரி வலி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்சம். பாதி அறிகுறிகள் சாட்சாத் சளிக்காய்ச்சல். அதற்கு அவன் எடுத்துக்கொள்வது இருமல் மருந்து. குடித்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. "பாத்தீங்களா, மருந்து கேக்குது" என்று அவனும் நம்புகிறான், எதிரில் நிற்கிற நானும் நம்புகிறேன். வேறு எந்தப் போதைப்பொருளுக்கும் இப்படி ஒரு வசதியான வேஷம் கிடையாது. சளிக்கு மருந்து குடிக்கிறேன் என்று அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தச் சளியை உண்டாக்கியதே மருந்துதான்.

அன்றைக்கு அவனுக்கு மருந்து கொடுக்காமல் அனுப்பினேன். திட்டிவிட்டுப் போனான். அடுத்த தெருவில் வேறு கடையில் வாங்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பிக்கு மாதத்தில் எத்தனை தடவை "சளி" பிடிக்கிறது? எம்.சி. விடுப்பு எடுக்கிற நாள்கள் திங்கட்கிழமையாகவோ சம்பளத்துக்கு முந்தின வாரமாகவோ இருக்கிறதா? சளி இருக்கிறது, காய்ச்சல் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டவில்லை, ஆனால் வயிறு போகிறது என்றால், எனக்கு அது போத்தலின் வேலை என்றே தோன்றும். குடித்திருக்கும் நாளில் எல்லாம் தலைகீழ்: கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், மலச்சிக்கல் இருக்கும், உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பான். அந்தப் பாகில் சர்க்கரை அதிகம் என்பதால் பல்லும் சீக்கிரம் சொத்தையாகும்.

போத்தலில் கோடீன் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே கிடைக்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் கூடவே தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தும், மூக்கடைப்புக்கான எபிட்ரின் வகையும் சேர்ந்திருக்கும். சிலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும். மருந்துக் கரண்டிக்கு ஏற்ற விகிதத்தில் கலந்தவை அவை. போத்தல் கணக்கில் உள்ளே போகும்போது இதயம் படபடப்பதும், வலிப்பு வருவதும், ஈரல் கெடுவதும் அந்தக் கூட்டாளிகளால்தான். பழக்கமானவன் அளவைக் கூட்டிக்கொண்டே போவது மார்பினுக்காக. ஆனால் மார்பினுக்கு உடம்பு பழகுகிற மாதிரி ஈரல் பாராசிட்டமாலுக்குப் பழகாது.

நம் மலேசியாவின் வட மாநிலங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கெத்தும் இலையைக் காய்ச்சிய தண்ணீரில் இருமல் மருந்தைக் கலப்பது. கெத்துமில் இருக்கிற மிட்ராகைனினும் அதே பூட்டில்தான் போய் உட்காருகிறது. சாதாரண அபின் பட்டையில் அது தெரியாது. அது இருந்ததா என்று அறியத் தனிச் சோதனை வேண்டும். அதோடு மிட்ராகைனின் 2டி6 நொதியை அடைக்கவும் செய்கிறது. கோடீன் மார்பினாகும் வேகத்தைக் குழப்பிவிடுகிறது. இன்று இந்த அளவு குடித்தால் இவ்வளவுதான் ஏறும் என்று குடித்தவனுக்கு இருக்கும் அனுபவக் கணக்கு, கலவை மாறினால் செல்லாது. சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் எல்லாமே ஒரே இடத்தை அமுக்குகின்றன.

அந்த இடம் மூளைத் தண்டு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் "மூச்சு விடு" என்று கட்டளை போடுவது அது. மார்பின் அதன் காதை மந்தமாக்குகிறது. வாயு ஏறும், கட்டளை வராது. ஆள் திணறமாட்டான், துடிக்கமாட்டான், நிம்மதியாகத் தூங்குகிற மாதிரியே இருப்பான். வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். "ராத்திரி நல்லா குறட்டை விட்டுத் தூங்கினான், காலையில எழுப்பினா எழும்பல" என்று சொன்ன ஒரு தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். அது குறட்டை இல்லை, நாக்கு பின்னால் விழுந்து அடைபட்ட மூச்சு.

ஆகவே ஓர் இரவு தம்பி அளவுக்கு மீறி மயங்கிக் கிடந்தால், நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பெரியவர்களுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தோளை உலுக்கியும் விழிக்காவிட்டாலோ, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து 999க்குக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் நலோக்சோன் போட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போறேன்" என்பான். விடாதீர்கள். அந்த ஊசியின் வேகம் ஒரு மணி நேரம் போல்தான் நிற்கும். உள்ளே இருக்கிற கோடீனை ஈரல் அதற்குப் பிறகும் மார்பினாக்கிக்கொண்டே இருக்கும், திரும்பவும் மூச்சு அமுங்கலாம்.

வேலை, வழக்கு விஷயமெல்லாம் என் துறை இல்லை. மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பல மாதமாகக் குடித்து வருகிறவனைப் பிடித்து வைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கோடீன் தவிப்பு பெரும்பாலும் உயிரை எடுக்காது, ஆனால் நான்கைந்து நாள் அவனை நார் நாராகக் கிழிக்கும், அதற்குள் அவன் திரும்பவும் கடைக்குப் போய்விடுவான். போனவன் பழைய அளவையே குடிப்பான். சில நாள் விட்டதில் உடம்பின் பழக்கம் இறங்கியிருக்கும், அதனால் அதே அளவு இப்போது அதிகம். விட்டுப் பிடித்தவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அரசாங்கக் கிளினிக்குகளில் 2005இலிருந்து மெத்தடோன் கொடுத்துப் படிப்படியாக இறக்கும் சிகிச்சை இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. சிலருக்குக் கோடீனையே மெதுவாகக் குறைத்தால் போதும். எது என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டியது, தம்பி நாளைக்கு எவ்வளவு குடித்தான், அதில் என்னென்ன இருந்தது என்பதே. அவன் வாயிலிருந்து வருகிற கணக்கு பாதிதான் இருக்கும், வெட்கத்தில் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். ஃபுளுவோக்செட்டின், பராக்செட்டின் போன்றவை அந்த 2டி6 வாசலை அடைக்கும். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வாசல் மெல்லத் திறந்து, அதே போத்தலிலிருந்து மார்பின் கூடுதலாக வரும்.

கட்டிலுக்கு அடியிலோ மோட்டார் சீட்டுக்கு அடியிலோ காலிப் போத்தல்கள் கிடைத்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். லேபிள் கிழியாமல் ஒரு பையில் போட்டு, சோதனைத் தாளோடு சேர்த்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.